வளர்ச்சி ஹார்மோன் குறைவு: ஒற்றை ரத்தப் பரிசோதனையை நம்பாதீர்கள்

எட்டு வயதுப் பையன், உயரம் 112 செ.மீ. பெற்றோர் கொண்டுவந்த ரத்த அறிக்கையில் வளர்ச்சி ஹார்மோன் கிட்டத்தட்ட பூஜ்யம். "ஊசியை உடனே ஆரம்பிச்சிடலாமா டாக்டர்?" என்றார் அப்பா.

அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி இந்த ஹார்மோனை விட்டுவிட்டுத்தான் சுரக்கும், அதுவும் பெரும்பாலும் தூக்கத்தில். பகலில் எடுத்தால் நன்றாக வளரும் பிள்ளைக்கும் அப்படித்தான் வரும். இந்தப் பரிசோதனையை எதற்குத்தான் எழுதிக்கொடுக்கிறார்களோ!

நான் கேட்டது போன வருட உயரத்தை. பள்ளி மருத்துவ அட்டையில் 108.5 என்று இருந்தது. அப்படியென்றால் ஓர் ஆண்டில் மூன்றரை செ.மீ.தான். இந்த வயதில் ஐந்து செ.மீ.யாவது கூட வேண்டும். குட்டையாக இருந்தாலும் சீரான வேகத்தில் வளரும் பிள்ளையைப் பற்றி நான் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. வேகம் குறைந்தால்தான் தேடத் தொடங்குவேன். தைராய்டு, சிறுநீரகம், குடல் நோய்கள் இல்லை என்று முதலில் உறுதி செய்தோம். பெண் பிள்ளையாக இருந்தால், வளர்ச்சியைக் குறைக்கும் குரோமோசோம் கோளாறான டர்னர் நோய் இருக்கிறதா என்றும் பார்ப்போம். இடது கை எக்ஸ்ரேயில் எலும்பின் வயது ஐந்தரை, அதாவது எலும்பு வளர்ச்சி அவன் வயதுக்குப் பின்தங்கியிருந்தது.

அதன் பிறகே, மருந்து கொடுத்துச் சுரப்பியைச் சுரக்கத் தூண்டிப் பார்க்கும் தூண்டல் பரிசோதனை. வெறும் வயிற்றில் குளோனிடின் மாத்திரை கொடுத்து, அரை மணிக்கொரு தரம் ரத்தம் எடுப்போம். ரத்த அழுத்தம் இறங்கிப் பிள்ளை தூங்கிவிடும் என்பதால் படுக்க வைத்தே செய்ய வேண்டும். இவனுக்கு உச்ச அளவு மில்லிலிட்டருக்கு 3.2 நானோகிராம், வேறொரு நாள் குளுக்ககான் கொடுத்தபோது 4.1. பரிசோதனை முறையைப் பொறுத்து 7 அல்லது 10 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு என்று கொள்வோம். ஆனால் நலமான பிள்ளைகள் சிலரும் ஒரு சோதனையில் தவறுவார்கள், உடல் பருமன் இருந்தாலும் எண் இறங்கும். அதனால்தான் இரண்டு சோதனைகள். எம்.ஆர்.ஐ.யில் பிட்யூட்டரி சிறியதாகத் தெரிந்தது. கட்டி எதுவும் இல்லை.

தினமும் இரவில் தோலுக்கடியில் ஊசி. முதல் ஆண்டில் ஒன்பது செ.மீ. வளர்ந்தான். அடுத்த ஆண்டு ஏழு. இந்த வேகம் போகப்போகக் குறைவது இயல்பு. மருந்து பலிக்கவில்லை என்று பயப்பட வேண்டாம்.

அப்பா 168, அம்மா 155. இரண்டையும் கூட்டி, ஆண் பிள்ளை என்பதால் 13 சேர்த்து, பாதியாக்கினால் பெற்றோரை வைத்து இவனிடம் எதிர்பார்க்கும் உயரம் 168 செ.மீ. சிகிச்சை இவனை அந்த உயரத்தை ஒட்டிக் கொண்டுபோகலாம், ஆறடி ஆக்காது. எலும்பு முனைகளில் வளரும் பகுதி மூடிய பின் தொடங்கினால் உயரம் அதிகரிக்கவே அதிகரிக்காது.

ஊசி போடும் காலத்தில் விடாத தலைவலி, பார்வை மங்கல், இடுப்பிலோ முழங்காலிலோ வலியோடு நொண்டல் வந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் வந்துவிடச் சொல்வேன். வளர்ச்சி முடிந்து ஊசியை நிறுத்திய பின் மறுபடியும் சோதிப்போம். பிட்யூட்டரியில் கோளாறு தென்படாத பிள்ளைகளில் பலருக்கு அப்போது சுரப்பு சரியாகவே இருக்கும். அவர்களுக்கு அதற்குமேல் ஊசி தேவைப்படாது.