சராசரியைச் சாய்த்த மழைநாள்

பெங்களூரில் அல்சூரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு பைக்கில் போக எனக்கு இரண்டு வழிகள். ஒன்று சில்க் போர்டு, இன்னொன்று பன்னேர்கட்டா சாலை போய் நைஸ் ரோடு. எது வேகம்? ஏழு சீட்டில் ‘சில்க்’, ஏழில் ‘நைஸ்’ என்று எழுதிக் குலுக்கி, தினமும் ஒன்றை எடுத்து அந்த வழியில் போனேன். 14 வேலை நாட்கள். ஆன நிமிடங்கள்:

சில்க்: 52, 54, 55, 57, 58, 61, 170
நைஸ்: 63, 65, 66, 68, 69, 71, 74

அந்த 170 மழைநாள். மழை பெய்தால் சில்க் போர்டில் வரும் நெரிசலைப் பெங்களூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சராசரி பார்த்தால் சில்க் 72.4, நைஸ் 68. அதாவது நைஸ்தான் வேகம்! இது தற்செயலா என்று பார்க்க உதவும் டி-சோதனை, சராசரிகளின் வித்தியாசத்தைத் தரவின் சிதறலோடு ஒப்பிடுகிறது. மழைநாள் சராசரியை இழுத்ததோடு சிதறலையும் ஊதிவிட்டது. t மதிப்பு வெறும் 0.27. வித்தியாசம் இருப்பதாகச் சொல்ல வழியில்லை.

1945-இல் ஃபிராங்க் வில்காக்ஸன் என்ற வேதியியலாளர் சொன்ன யோசனை எளிது. 14 எண்களையும் ஒன்றாகக் கலந்து, சிறியதிலிருந்து வரிசை எண் கொடுங்கள். சில்க்குக்கு 1 முதல் 6 வரையும், கடைசி 14-உம் கிடைக்கும். கூட்டினால் 35. நைஸுக்கு 70. அந்த 170 என்பது 500 ஆக இருந்தாலும் அதன் வரிசை எண் 14தான்.

சரி, 35 என்பது தற்செயலாக வரக்கூடியதா? வழிகளுக்குள் வித்தியாசமே இல்லையென்றால், எந்த ஏழு வரிசை எண்கள் சில்க்குக்குப் போகும் என்பது சீட்டுக் குலுக்கலின் வேலை மட்டுமே. 14-இல் ஏழைத் தேர்ந்தெடுக்க 3432 விதங்கள். கூட்டுத்தொகை 35 அல்லது அதற்குக் கீழே வருபவை 45. மறுபக்கம் இதே அளவு சாய்பவை இன்னொரு 45. ஆக 90/3432, சுமார் 0.026. வெறும் தற்செயல் இல்லை என்று சொல்ல வழக்கமாக வைக்கும் 0.05 எல்லைக்கு உள்ளேயே இருக்கிறது.

‘மோசம், பரவாயில்லை, நன்று’ போன்ற மதிப்பீடுகளுக்கும் இது பொருந்தும். அவற்றில் வரிசை உண்டு, இடைவெளிக்கு அளவு கிடையாது. சராசரி எடுப்பதே சந்தேகம். சமமானவை வந்தால் அவற்றுக்குரிய இடங்களின் சராசரியைக் கொடுப்பார்கள்: 5, 6, 7-ஆம் இடங்களில் மூன்று ‘நன்று’ என்றால் மூன்றுக்கும் 6.

ஆனால் தரவு மிகக் குறைவாக இருந்தால் இந்தச் சோதனைக்கு வாய் திறக்காது. மூன்றுக்கு மூன்று என்றால் மொத்தமே 20 விதங்கள். இருபக்கமும் பார்த்தால் 0.1-க்குக் கீழே இறங்கவே முடியாது.

இது வரிசையின் நடுவில் நிற்கும் இடைநிலை எண்களை ஒப்பிடும் சோதனை என்று பலரும் எழுதுகிறார்கள். பொதுவாக அப்படி இல்லை. ஒரு சில்க் நாளையும் ஒரு நைஸ் நாளையும் சேர்த்துப் பார்த்தால் 49 ஜோடிகள். 42-இல் சில்க் முந்துகிறது. சோதனை பார்ப்பது இதைத்தான். மாதம் முழுக்க எத்தனை மணி நேரம் சாலையில் போகிறது என்று கேட்டால் சராசரியிடமே திரும்ப வேண்டும். அங்கே மழைநாளும் கணக்கில் உண்டு. நான் மேகம் இல்லாத நாளில் சில்க், வானம் கறுத்தால் நைஸ்.