சோஸன் ஒன்: தேர்ந்தெடுத்தது யார்?

மிகுபுனைவு நாவல்களைப் பற்றிப் பேசும்போது 'சோஸன் ஒன்' என்று அப்படியே சொல்லிவிடுகிறோம். உலகைக் காக்கப் போகிறவர் இவர்தான் என்று பிறப்புக்கு முன்பே ஒரு வாக்கு சொல்லிவைத்திருக்கும். கதை அந்த ஆளைத் தேடிப் போகும். தமிழில் எழுத வேண்டி வந்தால் பெரும்பாலும் 'தேர்ந்தெடுக்கப்பட்டவன்' என்று போடுகிறோம். பொருள் சரிதான். ஆனால் எழுதியவுடனேயே ஒரு கேள்வி வருகிறது: யாரால் தேர்ந்தெடுக்கப்பட்டவன்?

இந்தச் சொல்லின் வேர் சமயத்தில் இருக்கிறது. ஏசாயா 42-ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் கடவுள் தம் ஊழியரைக் காட்டி, 'நான் தெரிந்துகொண்டவர்' என்கிறார். தமிழ் விவிலியத்தின் இந்தத் 'தெரிந்துகொள்ளுதல்' அழகான பழைய வழக்கு. தெரிதல் என்றால் ஆராய்ந்து தேர்தல். திருக்குறளின் 'தெரிந்து வினையாடல்' அதிகாரத்திலும் அதுதான் பொருள். விவிலியத்தில் தெரிந்துகொண்டவர் யார் என்பதில் ஐயமே இல்லை. புனைகதைக்கு வந்தபோது கடவுள் விலகிவிட்டார், செயப்பாட்டு வினை மட்டும் தங்கிவிட்டது. எழுவாய் இருந்த இடம் காலி. இந்த மரபைப் புரட்டிப்போட்ட நல்ல கதைகள் எல்லாமே அந்தக் காலி இடத்தில்தான் கை வைக்கின்றன என்பது என் எண்ணம்.

ஹாரி பாட்டர் தொடரின் ஐந்தாம் நாவலை (2003) எடுத்துக்கொள்வோம். ஏழாம் மாதம் முடியும் வேளையில், இருளின் தலைவனை மும்முறை எதிர்த்து நின்றவர்களுக்கு ஒரு குழந்தை பிறக்கும், அவனை வீழ்த்தும் ஆற்றல் அதற்கு உண்டு என்பது வாக்கு. இந்த அடையாளங்கள் ஒரு குழந்தைக்கு மட்டும் பொருந்தவில்லை. ஹாரி பிறந்தது ஜூலை 31. அதற்கு முந்தின நாள் பிறந்த நெவில் என்ற பையனுக்கும் எல்லாம் பொருந்துகிறது. அவன் பெற்றோரும் மும்முறை எதிர்த்தவர்கள்தான். அப்புறம் ஹாரி எப்படி 'அந்த ஒருவன்' ஆனான்? வாக்கின் பின்பாதியில், 'இருளின் தலைவன் அவனைத் தனக்கு நிகராகக் குறிப்பான்' என்று இருக்கிறது. அந்த வாக்கை ஒட்டுக்கேட்ட ஒருவன் முன்பாதியை மட்டும் கேட்டுப் போய் வில்லனிடம் சொன்னான். வில்லன் இரண்டு குழந்தைகளில் ஒன்றைத் தானே முடிவு செய்து கொல்லப் போனான். நெற்றியில் தழும்பு விழுந்தது. அதாவது நாயகனைத் தேர்ந்தெடுத்தவன் வில்லன். அவன் அந்த வாக்கைப் பொருட்படுத்தாமல் விட்டிருந்தால் அது வெறும் சொல்லாகவே கிடந்திருக்கும். ஆறாம் நாவலில் பள்ளித் தலைமையாசிரியர் டம்பிள்டோர் இதைத்தான் ஹாரிக்குப் பொறுமையாகப் புரிய வைக்கிறார்.

'டியூன்' (1965) நாவல் காட்டும் எழுவாய் இன்னும் கசப்பானது. மீட்பர் ஒருவர் வருவார் என்று பாலைவன மக்கள் உளமார நம்புகிறார்கள். பெனி ஜெசரிட் என்ற பெண்கள் அமைப்பு, தன் ஆட்களுக்கு என்றாவது அடைக்கலம் வேண்டியிருக்கும் என்று, அந்த நம்பிக்கையை முன்கூட்டியே அங்கே விதைத்து வைத்திருந்தது. கதையின் நாயகன் பால் அந்த வார்ப்பில் போய்ப் பொருந்திக்கொள்கிறான். வாக்கு பலிக்கத்தான் செய்கிறது. ஆனால் அதைப் பலிக்க வைத்தது வானமல்ல.

நம் மொழியிலோ இந்தப் புரட்டல் சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. வரந்தரு காதையில், தந்தையின் அருகே இருந்த இளங்கோவைப் பார்த்து ஒருவன், 'அரைசு வீற்றிருக்கும் திருப்பொறி உண்டு' என்கிறான். அரசாளும் குறி அண்ணனுக்கு அல்ல, தம்பிக்கு. இளங்கோ அவனைச் சினந்து நோக்குகிறார். அண்ணன் செங்குட்டுவனின் மனவருத்தம் தீர, அரசைத் துறந்துவிடுகிறார். குறி அவருக்கு இருந்தது. தேர்வை அவர் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? அந்தத் 'திருப்பொறி'யே வழிகாட்டுகிறது. பொறி என்றாலும் குறி என்றாலும் அடையாளம். வருவதைச் சொல்வதைத்தான் 'குறி சொல்லுதல்' என்கிறோம். இலக்கும் குறிதான். வாக்கு, தழும்பு, வில்லனின் இலக்கு மூன்றையும் ஒரே வேர் தாங்குவதால் 'குறிக்கப்பட்டவர்' என்பதையே நான் பரிந்துரைப்பேன். சமயப் பேச்சில் 'தெரிந்துகொள்ளப்பட்டவர்' அப்படியே இருக்கட்டும். வாக்கைக் குறிக்கத் தீர்க்கதரிசனம், அசரீரி, குறி என்று கதைக்கு ஏற்றபடி எடுத்துக்கொள்ளலாம். 'முன்னுரை' வேண்டாம், அது புத்தகத்தின் முதல் பக்கத்துக்குப் போய்விட்டது.

மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். '-அன்', '-அள்' என்று முடித்தால் வாக்கின் பாதி மர்மம் முதல் வரியிலேயே உடைந்துவிடும். கதை ஆளைக் காட்டும்வரை '-அர்' போதும். ஆணா பெண்ணா என்பது மட்டுமல்ல, ஒருவரா பலரா என்பதைக்கூட அது கடைசிவரை மறைத்து வைக்கும்.