முதலாளி மைக்கைப் பிடிக்கும் முன்

நஷ்ட வருஷத்துக்குப் பிறகு தொழிலாளர் கூட்டத்தில் முதலாளி பேசும் உரைக்கு மறுபடியும் அதே வரைவு வந்திருக்கிறது. "நாம் எல்லாரும் ஒரே குடும்பம். போன வருஷம் கொஞ்சம் சோதனையான வருஷம். புது உத்வேகத்தோடு புதிய பாதையில் பயணிப்போம்." சேலத்து நிறுவனங்களுக்குத் தொழிலாளர் சட்ட ஆலோசனை தரும் எங்களிடம், இப்படிப்பட்ட உரைகள் திருத்தத்துக்கு வருவது வழக்கம். மூன்று பக்க வரைவில் ஓர் எண்கூட இருக்காது. யாருக்கு வேலை இருக்கும், சம்பளம் எந்தத் தேதியில் வரும் என்பதும் இருக்காது.

ஏன் என்று கேட்டால் எல்லாரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "நஷ்டத்தைச் சொன்னா ஆளுங்க பயந்து ஓடிருவாங்க."

ஐயா, அவர்களுக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? தறியில் பாவு முடிந்து புதுப் பாவு ஏறவில்லை என்பதைத் தறிக்காரர்தான் முதலில் பார்க்கிறார். லாரியில் வரும் நூல் மூட்டை பாதியாகிவிட்டது என்று ஸ்டோர்காரருக்குத் தெரியும். கட்டி வைத்த அட்டைப்பெட்டி மூன்று வாரமாக நகரவில்லை என்று பேக்கிங் பிரிவுக்குத் தெரியும். ஓவர்டைம் நின்ற அன்றைக்கே கேட்டுக்கு வெளியே இருக்கும் டீக்கடையில் கணக்குப் போட்டு முடித்துவிட்டார்கள். நீங்கள் எந்த வங்கிக்கு எத்தனை தடவை போனீர்கள் என்று டிரைவரைக் கேட்டாலே போதும். தெரியாமல் இருப்பது நஷ்டத்தின் அளவு மட்டும்தான். அளவு தெரியாத இடத்தை வதந்தி நிரப்பும். "கம்பெனியவே விக்கறாங்களாம்" என்பதில் போய் நிற்கும். வேறு இடத்தில் உடனே வேலை கிடைக்கிற நல்ல ஆட்கள்தான் அப்போது முதலில் கிளம்புவார்கள். ஓடிவிடுவார்கள் என்று பயந்து மறைத்தது, அவர்களையே ஓட வைக்கிறது.

ஒரு கற்பனை நிறுவனத்தை வைத்துப் பார்ப்போம். சேலத்தில் படுக்கை விரிப்பும் மேசைத் துணியும் செய்து ஏற்றுமதி செய்கிறது, 120 பேர். சரக்கில் பாதிக்கு மேல் இரண்டே இரண்டு அமெரிக்க வாடிக்கையாளர்களுக்குப் போனது. 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும், விலையைக் குறைத்தால்தான் ஆர்டர் என்றார்கள். புதிய திட்டம் இது: மேசைத் துணியை நிறுத்துவது, உள்நாட்டு விடுதிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் விரிப்பும் தலையணை உறையும் கொடுப்பது, இரவு ஷிப்டை எடுத்துவிடுவது.

இதை எப்படிச் சொல்வது? பேலன்ஸ் ஷீட்டைத் திரையில் போடாதீர்கள், யாருக்கும் புரியாது. ஒரு விரிப்பைக் கையில் தூக்கிக் காட்டுங்கள். "இது 100 ரூபாய்னு வெச்சுக்கோங்க. நூலுக்கு 50, கூலிக்கு 18, சாயத்துக்கு 14, கரண்டுக்கு 6, வட்டி வாடகைக்கு 7. ஆக 95. மிச்சம் 5. வாங்கறவங்க 12 ரூபாய் குறைக்கச் சொன்னாங்க. நம்ம கைக்கு வர்றது 88. விரிப்புக்கு 7 ரூபாய் கையை விட்டுப் போகுது." அரை நிமிடம் போதும். உங்கள் கணக்குப்பிள்ளை தருகிற உண்மை எண்களைப் போடுங்கள். தோராயமாக அள்ளிவிட்டால், சாயப்பட்டறைக்குப் பில் போடுகிறவர் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருப்பார்.

ஆனால் இந்தக் கணக்குக்கும் முன்னால் வர வேண்டியது ஒன்று இருக்கிறது. என் வேலை இருக்கா, சம்பளம் எப்போ, போனஸ் உண்டா? இந்த மூன்றுக்கும் பதில் முதல் மூன்று நிமிடத்தில் வரவேண்டும். அது வரும்வரை மற்ற எதுவும் காதில் ஏறாது. பெரும்பாலான வரைவுகளில் இது கடைசிப் பத்தியில், அதுவும் "யாரும் கவலைப்பட வேண்டாம்" என்று இருக்கும். கவலைப்படாதே என்றாலே கவலை ஏறும்.

போனஸ் விஷயத்தில் தயவுசெய்து வாயை விடாதீர்கள். "இந்த வருஷம் நஷ்டம், போனஸ் இல்லை" என்று மைக்கில் சொல்ல உங்களுக்கு அதிகாரம் கிடையாது. சம்பள வரம்புக்குள் வருகிறவர்களுக்குக் குறைந்தபட்சம் 8.33 சதவீதம், நஷ்டம் வந்தாலும் கொடுத்தாக வேண்டும். தொடங்கி ஐந்து ஆண்டு ஆகாத நிறுவனத்துக்கு மட்டும்தான் தனி விதி. அதே 8.33-ஐ "நஷ்டத்திலும் உங்களுக்காகத் தருகிறேன்" என்று தானம்போலப் பேசுவதும் வேண்டாம். சட்டம் தெரிந்த ஒரு ஆள் பின்வரிசையில் சிரிப்பார். மற்றவர்களுக்கு அவர் டீக்கடையில் விளக்குவார்.

இரவு ஷிப்ட் இன்னொரு பள்ளம். ஷிப்டை நிறுத்துவது பணி நிபந்தனை மாற்றம். நிறுவனத்தின் பணி விதிகளான நிலையாணைகளில் ஏற்கெனவே வழி இல்லையென்றால், 21 நாள் முன்னதாக எழுத்தில் அறிவிப்பு கொடுத்தாக வேண்டும். 25-ஆம் தேதி கூட்டம் போட்டு "ஒண்ணாம் தேதியிலிருந்து நைட் கிடையாது" என்றால், பிரச்சினையை நீங்களே மேடை போட்டு அறிவிக்கிறீர்கள். முதலில் அறிவிப்பு தயாராகட்டும். உரையில் தேதி அதற்குப் பொருந்தட்டும்.

ஆட்குறைப்பு உண்டென்றால், வேலை போகிறவர்கள் அதை முதன்முதலில் கூட்டத்தில் தெரிந்துகொள்ளக் கூடாது. நம் உதாரணத்தில் மேசைத் துணித் தையலில் 34 பேர். 26 பேர் தலையணை உறைக்கு மாறுகிறார்கள், 8 பேருக்கு இடமில்லை. அந்த எட்டுப் பேரையும் முந்தின நாள் காலையில் தனித்தனியாகக் கூப்பிட்டு, உட்காரவைத்து, கையில் கணக்கோடு சொல்லுங்கள். ஓர் ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு ஒரு மாத அறிவிப்பு அல்லது அதற்கான சம்பளம், வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் ஈட்டுத்தொகை. யார் போவது என்பதிலும் பொதுவாகக் கடைசியில் வந்தவர் முதலில் என்ற வரிசைதான். மேஸ்திரிக்கு ஆகாத ஆள் முதலில் என்பதல்ல. எட்டுப் பேரையும் அனுப்பிவிட்டு மறுநாள் "ஒரே குடும்பம்" என்று ஆரம்பிக்காதீர்கள். குடும்பத்தில் ஈட்டுத்தொகை கிடையாது.

மேஸ்திரிகளுக்கும் முந்தின நாள் மாலையே முழு உரையும் தெரியவேண்டும். கூட்டம் கலைந்ததும் கேள்வி அவர்களிடம்தான் வரும். "எனக்கும் இப்பத்தான் தெரியும்" என்று அவர்கள் உதட்டைப் பிதுக்கினால் உங்கள் உரை அங்கேயே முடிந்தது. தையல் பிரிவில் பீகார், ஒடிசா ஆட்கள் இருந்தால், இந்தியில் சொல்லப்போகிறவரிடம் எழுத்துப் பிரதியை அப்போதே கொடுத்து ஒரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். மேடையில் யோசித்து யோசித்து மொழிபெயர்க்கும்போது "நைட் ஷிப்ட் நிக்குது" என்பது "கம்பெனி நிக்குது" ஆகிவிடும்.

சனிக்கிழமை மாலை வேண்டாம்; ஞாயிறு முழுக்க வீட்டில் உட்கார்ந்து பயப்படுவார்கள். செவ்வாய் அல்லது புதன், ஷிப்ட் மாறுகிற நேரம், இரண்டு ஷிப்டும் சேர்ந்து. தறியை நிறுத்துங்கள். பல வருஷம் தறிச் சத்தத்தில் நின்றவர்களுக்குக் காது மந்தம், ஆகவே நல்ல மைக். பேச்சு 12 நிமிடம், கேள்விக்கு 20. யாரும் எழுந்து கேட்கமாட்டார்கள் என்பதால், முந்தின நாளே பெயர் எழுதாத சீட்டு வாங்கி அதிலிருந்து படியுங்கள், சங்கடமான கேள்வி உட்பட. புது கார் எடுத்த மாதம் என்றால் அந்தக் கேள்வியும் வரும்.

பதில் தெரியாததற்கு "இன்னும் முடிவாகல, 15-ஆம் தேதி சொல்றேன்" என்று தேதி போடுங்கள். அதை நோட்டீஸ் போர்டிலும் எழுதுங்கள். அடுத்த மாதம் அதே போர்டில், புது வாடிக்கையாளரிடம் வந்த ஆர்டர் எத்தனை, திருப்பி வந்த விரிப்பு எத்தனை, சம்பளம் எந்தத் தேதியில் போட்டீர்கள் என்று மூன்று வரி எழுதி ஒட்டுங்கள். சம்பளம் 7-ஆம் தேதியைத் தாண்டியிருந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள். அவர்கள் மொபைலுக்கு வந்த பேங்க் மெசேஜில் தேதி இருக்கிறது.