மாந்தோப்பைக் குத்தகைக்கு விடும் முன் காயை எண்ணிப் பாருங்கள்

செங்குன்றத்தில் இருந்துகொண்டு பழ மண்டியில் கணக்கு எழுதியவன் நான். இப்போது தோப்பு வைத்திருப்பவர்களுக்குக் காய் மதிப்பிட்டுக் கொடுக்கிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் தண்டையார்பேட்டை, இராயபுரம், பெரம்பூர் பக்கம் குடியிருப்பவர்கள். ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டி பக்கம் அப்பா வைத்த தோப்பு இருக்கும், வருஷத்துக்கு இரண்டு தடவை போய்ப் பார்ப்பார்கள். குத்தகையில் ஏமாறுபவர்களும் பெரும்பாலும் இவர்கள்தான்.

துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் தை மாதக் கடைசியில் வந்தார். ஊத்துக்கோட்டைப் பக்கம் 2 ஏக்கர் பங்கனப்பள்ளி. குத்தகைக்காரர் பூவைப் பார்த்துவிட்டு 35,000 ரூபாய் சொல்லியிருக்கிறார். இவரோ, "நம்ம தெருவில கிலோ நூறு ரூபாய்க்கு விக்கிறாங்க தம்பி. நாலு டன் காய்ச்சாலே நாலு லட்சம் ஆச்சே?" என்றார். இரண்டு கணக்குமே தப்பு.

பூவில் விலை பேசுவது நம்பிக்கைக்கு விலை பேசுவது. மாம்பூங்கொத்தில் பெரும்பாலானவை ஆண் பூக்கள், அவை காய்க்காது. பிஞ்சு பிடித்தவற்றிலும் கடுகு அளவில், பட்டாணி அளவில், கோலிக்குண்டு அளவில் என்று கொட்டிக்கொண்டே இருக்கும். நடுவில் தத்துப்பூச்சியும் சாம்பல் நோயும் வேறு. அந்த ஆபத்தையெல்லாம் குத்தகைக்காரர் தலையில் ஏற்றிக்கொள்வதால் விலையை அடிமட்டத்தில்தான் சொல்வார், அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. பணம் அவசரமில்லை என்றால் மருந்துச் செலவை நாமே பார்த்துக்கொண்டு, காய் எலுமிச்சை அளவுக்கு வரும்வரை பொறுக்கலாம். அதற்கப்புறம் கொட்டுவது குறைவு, எண்ணினால் எண்ணிக்கைக்கு ஒரு மதிப்பு உண்டு. இவரையும் பொறுக்கச் சொன்னேன். மார்ச் நடுவில் இருவரும் போனோம்.

முதல் வேலை மரத்தை எண்ணுவது. 30 அடிக்கு மேல் இடைவெளி விட்டு நட்டால் ஏக்கருக்குச் சுமார் 40 மரம் வரும். அந்தக் கணக்கில் 80 மரம் என்றே இவர் நினைத்திருந்தார். நின்றது 74. அவற்றைப் பார்வையிலேயே பிரித்துச் சுண்ணாம்பில் குறி போட்டோம்: நல்ல காய்ப்பு 26, நடுத்தரம் 25, குறைவு 15. மீதி 8 மரத்தில் வெறும் இலைதான். போன வருஷம் கிளை ஒடியக் காய்த்த மரம் இந்த வருஷம் ஓய்வெடுப்பது மாமரத்தின் இயல்பு. அதனால் போன வருஷ மகசூலை அப்படியே இந்த வருஷத்துக்குச் சொல்லக் கூடாது.

அப்புறம் ஒவ்வொரு வகையிலும் சில மரங்களை எண்ண வேண்டும். வரப்போரத்து மரமாகவே எடுக்காதீர்கள். வெயில் நன்றாகப் படுவதால் அதில் காய் அதிகம் தெரியும், தோப்பின் நடுவில் அப்படி இருக்காது. மரத்தைச் சுற்றி வந்து ஒவ்வொரு பெரிய கிளையாக எண்ணுங்கள், பிறகு உள்ளே நுழைந்து அண்ணாந்து பாருங்கள். இரண்டு பேர் தனித்தனியே எண்ணிச் சராசரி எடுப்பது நல்லது. நாங்கள் எண்ணியதில் நல்ல மரத்துக்கு 410, நடுத்தரத்துக்கு 220, குறைவானதற்கு 80 வந்தது. மொத்தம் 17,360 காய்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சில கொத்துகளின் நுனியில் பத்துப் பதினைந்து பிஞ்சுகள் நெருக்கமாக, கரும்பச்சையாக, கோலிக்குண்டு அளவோடு நின்றுவிட்டிருக்கும். பார்த்தால் மரமே குலுங்குவதுபோல் தெரியும். அவை சரியாக மகரந்தம் சேராத பிஞ்சுகள், வளராமலே உதிர்ந்துவிடும். சந்தேகம் வந்தால் ஒன்றிரண்டைக் கீறிப் பாருங்கள், உள்ளே விதை சுருங்கியிருக்கும். இந்தத் தோப்பில் நடுத்தர மரங்களில் இது நிறைய இருந்தது. அத்தனையையும் விட்டுவிட்டுத்தான் 220.

17,360 காயும் மண்டிக்குப் போகாது. மேலும் கொட்டுவதற்கும், மே மாதக் கோடைக் காற்றுக்கும் நான் கால் பங்கு கழிப்பேன். மீதி 13,020. காய்க்கு 330 கிராம் என்று வைத்தால் 4,300 கிலோ.

சரி, என்ன விலை போடுவது? தெருக்கடை விலை உங்கள் விலை இல்லை. சீசன் தொடக்கத்தில் கோயம்பேட்டில் போகும் விலையும் இல்லை. உங்கள் காய் எப்போது முற்றுமோ, அப்போது என்ன விலை என்பதே கேள்வி. நம் பக்கத்துப் பங்கனப்பள்ளி மே மாதம் வரும்போது ஆந்திராவிலிருந்தும் அதே காய் லாரி லாரியாக இறங்கும், விலை சரியும். அதனால் கடந்த 3 வருஷம் அந்த மாதத்து மண்டிச் சீட்டுகளைப் பார்த்து நடுவில் இருக்கும் விலையை எடுப்பேன். இந்தத் தோப்புக்கு எடுத்தது: முதல் தரம் 2,600 கிலோ 45 ரூபாய், சிறுசும் தழும்பு விழுந்ததும் 1,100 கிலோ 25 ரூபாய், ஊறுகாய்க்குப் போகும் உதிர்காய் 600 கிலோ 8 ரூபாய். கூட்டினால் 1,49,300.

பெரியவர் முகம் வாடிவிட்டது. நாலு லட்சம் ஒன்றரை லட்சமானது போதாதென்று இன்னும் கழிக்க வேண்டியிருந்தது. மண்டிக் கமிஷன் நூற்றுக்குப் பத்து வைத்தால் 15,000. பறிகூலி, தரம் பிரிப்பது, கிரேட் எல்லாம் சேர்த்து 13,000. வண்டி வாடகை 10,000, மருந்து 6,000. இரண்டரை மாதம் காவலுக்கு 25,000. எல்லாம் போக 80,000 நிற்கும். அதில் ஏறக்குறைய கால் பங்காவது குத்தகைக்காரரின் ஆபத்துக்கும் லாபத்துக்கும் விட வேண்டும். ஆக 58,000 முதல் 60,000 நியாயமான விலை.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். பக்கத்துத் தோப்பையும் அதே குத்தகைக்காரர்தான் எடுத்திருந்தார். காவல்காரர் ஒருவர்தான், சம்பளமும் ஒன்றுதான். நம் தோப்புக்கு அதில் பாதிதானே சேரும்? "அண்ணே, காவல் செலவு உங்களுக்கு ரெண்டு தோப்புக்கும் ஒண்ணுதானே" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். 65,000க்கு முடிந்தது. விலை பேசும்போது எதிரில் இருப்பவரின் செலவு நமக்குத் தெரிந்திருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும்.

ஒப்பந்தம் எழுதும்போது இரண்டு விஷயத்தை விடவே மாட்டேன். அடுத்த வருஷத்தையும் சேர்த்துக் குத்தகை கேட்டால், மண்ணில் கல்டார் ஊற்றக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். பூவை வரவழைக்க ஊற்றுவது அது. குத்தகைக்காரருக்கு ஒரு நல்ல காய்ப்பு கிடைக்கும், கண்மூடித்தனமாக ஊற்றினால் மரத்தின் வளர்ச்சி அடங்கிப்போய் அதை நீங்கள் வருஷக்கணக்கில் சுமப்பீர்கள். இரண்டாவது, முற்றாத காயைப் பறிக்கக் கூடாது. விலை ஏறியிருக்கும்போதே பிஞ்சுக் காயைப் பறித்துக் கல் வைத்துப் பழுக்கவைப்பதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். கார்பைடு கல் வைப்பது சட்டப்படியே தடை. காம்புப் பக்கம் தோள் நன்றாகப் புடைத்த பிறகுதான் பறிக்கலாம்.

எண்ணிய மரங்களில் ஒன்றில் சிவப்புத் துணி கட்டிவைத்து, அதன் காயைத் தனியாகப் பறித்து எண்ணித் தரும்படி குத்தகைக்காரரைக் கேட்டிருந்தேன். மார்ச்சில் அதில் நான் எண்ணியது 390. கால் பங்கு கழித்தால் 292 வர வேண்டும். மே மாதம் இறங்கியது 318. அந்த 26 காய் இலை மறைவில் என் கண்ணுக்குத் தப்பியவையாக இருக்கலாம், அல்லது நான் நினைத்த அளவு கொட்டாமல் இருந்திருக்கலாம். அடுத்த பருவத்தில் அதே தோப்பில் மூன்று மரத்துக்குத் துணி கட்டி, ஏப்ரலில் இன்னொரு தடவையும் எண்ணப் போகிறேன்.