மட்டை ஏன் பறக்கிறது?

இந்தக் கோடைத் தவணையில் இது நான்காவது முறை. லண்டனில் ஓர் ஆரம்பப் பள்ளி, எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு ரவுண்டர்ஸ் வகுப்பு; பந்தை மட்டையால் அடித்துவிட்டு நான்கு தூண்களைச் சுற்றி ஓடும் ஆட்டம் அது. பந்தை அடித்த பையன் மட்டையை உதறிவிட்டு ஓடினான். அது வரிசையில் நின்ற ஒரு சிறுமியின் கன்னத்தில் பட்டது. நல்ல வேளையாகக் கண்ணுக்குக் கீழே. பனிக்கட்டி ஒற்றடம் கொடுத்துவிட்டு, பொறுப்பாக நின்றவரிடம் என்ன சொல்லிக்கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "வீசாதே, வீசாதே என்று பத்துத் தரம் சொன்னேன்" என்றார்.

சொன்னால் பிள்ளை கேட்டுவிடும் என்ற இந்த நம்பிக்கைதான் எனக்கு எரிச்சல். பிள்ளை வேண்டுமென்று வீசவில்லை. அடித்த கையோடு எல்லோரும் "ஓடு, ஓடு!" என்று கத்துகிறார்கள். ஓட வேண்டுமென்றால் கை இரண்டும் வீச வேண்டும், கையில் இருப்பது தடையாக இருக்கிறது, அது தானாகப் போய்விடுகிறது. அந்த நொடியில் உங்கள் அறிவுரை அவன் காதில் இருக்காது. இன்னும் உரக்கச் சொன்னாலும் இருக்காது. ஓட்டத்தின் பாதியில் "மட்டை!" என்று கத்தினால் திரும்பிப் பார்த்துத் தடுக்கி விழுவான், அவ்வளவுதான். பெரியவர்களின் ரவுண்டர்ஸில் மட்டையைக் கையில் வைத்துக்கொண்டே ஓட வேண்டும், வேண்டுமென்று போட்டால் அவுட். சின்னவர்களுக்கு இன்னும் சுலபமான வழி இருக்கிறது. அடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வளையத்தைத் தரையில் போடுங்கள். மட்டையை அதற்குள் வைத்துவிட்டு ஓடினால்தான் ஓட்டம் கணக்கில் சேரும். வெளியே கிடந்தால் பூச்சியம். ஒரு நாள் இப்படி விளையாடிப் பாருங்கள், இரண்டாவது சுற்றிலேயே பிள்ளைகள் ஒருவருக்கொருவர் "வளையம்! வளையம்!" என்று நினைவூட்டுவார்கள்.

சரி, மட்டை பறந்தாலும் அங்கே ஆள் இல்லாவிட்டால் யாருக்கும் அடிபடாது. ஆள் ஏன் இருந்தார்கள்? முப்பது பேரையும் ஒரே ஆட்டமாக நிறுத்தியதால். பதினைந்து பேர் களத்தில், பதினான்கு பேர் வரிசையில். ஒரு பந்தைப் போட்டு, அடித்து, ஓடி, மறுபடி ஆயத்தமாக அரை நிமிடம் ஆகிறது. முப்பது பேருக்கும் ஒரு பந்து கிடைக்கவே கால்மணி நேரம் போய்விடும். காத்திருக்கும் பிள்ளை சலித்து, அங்குலம் அங்குலமாக முன்னால் நகர்ந்து, மட்டை எட்டும் தூரத்துக்கு வந்துவிடுகிறது. வலக்கைக்காரர் சுழற்றினால் கை இடப்பக்கமாகப் போய் முடியும், ஓடுவதோ வலப்பக்கம். அதனால் மட்டை பெரும்பாலும் இடப்பக்கமோ பின்னாலோதான் போகும். பலர் வரிசை நிறுத்துவது சரியாக அந்த இடத்தில்!

நான் ஆறு ஆறு பேராகப் பிரிக்கிறேன். ஒருவர் அடிப்பவர், ஒருவர் பந்து போடுபவர், ஒருவர் ஐந்து பெரிய எட்டு பின்னால் நின்று பிடிப்பவர், மூவர் களத்தில். வரிசையே இல்லை. ஆளுக்கு மூன்று பந்து, பிறகு இடம் மாற்றம். பன்னிரண்டு நிமிடத்தில் ஆறு பேரும் அடித்துவிடுவார்கள். எல்லாக் குழுக்களும் ஒரே திசையை நோக்கி அடிக்க வேண்டும், குழுக்களுக்கு இடையே தாராளமாக இடைவெளி வேண்டும். ஐந்து குழுவுக்கு இடம் போதவில்லையா? மூன்று குழு விளையாடட்டும், மற்றவர்கள் தள்ளிப்போய் எறிந்து பிடிக்கப் பழகட்டும்.

பந்து பஞ்சுப் பந்து, மட்டை பிளாஸ்டிக். பந்தைக் கீழ்க்கையாக, மெதுவாகப் போட வேண்டும். அப்படியும் அடிக்க வராத பிள்ளைக்கு உயரமான கோன் மேல் பந்தை வைத்துக் கொடுங்கள். முறையான ஆட்டத்தில் தூண்களுக்கு இடையே பெரும்பாலும் 12 மீட்டர், நான் ஏழுக்கு மேல் வைப்பதில்லை. கட்டைத் தூண் வேண்டாம், தட்டைக் கோன் போதும். ஓடுபவர் கோனுக்கு வெளிப்புறம், களத்தில் நிற்பவர் உட்புறம். இதை முதல் நாளே நடந்து காட்டுங்கள், மோதல் பாதி குறையும். பந்து போடுபவர் நிற்கும் வளையத்துக்குப் பந்து திரும்பியதும் "நில்!". கடந்த கோன் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி, இடையில் மாட்டிக்கொண்டால் அந்தத் துண்டு கணக்கில் இல்லை. பந்தைப் பிடித்துவிட்டால் அந்த அடிக்குப் புள்ளி கிடையாது, ஆனால் யாரும் வெளியேற வேண்டாம். முதலில் அவுட்டாகிற பிள்ளைக்குத்தான் பயிற்சி அதிகம் தேவை, அதைப் போய் உட்கார வைப்பார்களா?

போன வருடம் உதவிக்கு வந்த ஒரு தகப்பன், இலங்கையில் இதேபோல் அடித்துவிட்டு ஓடும் எல்லே ஆட்டத்தை நினைத்துச் சிரித்தார். "எல்லே விளையாடேக்க நாங்கள் மூங்கில் தடியால அடிச்சனாங்கள், ஓடுறவனைப் பந்தால எறிஞ்சும் அவுட் ஆக்கினனாங்கள், ஒண்டும் நடக்கேல்ல." அண்ணை, நானும் விளையாடியவன்தான். முழங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. ஓடுபவரைப் பந்தால் எறியும் விதியைத் தயவுசெய்து இங்கே கொண்டுவராதீர்கள். எட்டு வயதுக் கைக்கு முதுகைக் குறிவைத்தாலும் முகத்தில்தான் போகும்.

அப்புறம், விளையாட்டு விழாவுக்கு வரும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். படம் எடுக்கிறோம் என்று அடிப்பவரின் இடப்பக்கம் தள்ளுவண்டியோடு வந்து நிற்காதீர்கள். பந்து போடுபவருக்கு நன்றாகப் பின்னால், கயிற்றுக்கு வெளியே நில்லுங்கள். பிள்ளையின் முகம் அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.