ரீஆர்டர் பாயிண்ட்: மறுகொள்முதல் நிலை

ஒரு சரக்கின் இருப்பு எந்த எண்ணுக்கு இறங்கியதும் அடுத்த ஆர்டரைப் போட்டுவிட வேண்டுமோ, அந்த எண்தான் ரீஆர்டர் பாயிண்ட். எவ்வளவு வாங்குவது என்பது வேறு கணக்கு. எப்போது வாங்குவது என்பதை மட்டும்தான் இது சொல்லும்.

ஆர்டர் என்பதன் மூலம் லத்தீனின் 'ஓர்டோ'. அதற்கு வரிசை என்று பொருள். கட்டளை, கொள்முதல் கேட்பு எல்லாம் பிறகு வந்து ஒட்டியவை. இதை 'மறுவரிசைப் புள்ளி' என்று பெயர்த்தால் கடைக்காரருக்கு ஒன்றும் விளங்காது. 'மறு ஆணை நிலை' பரவாயில்லை, ஆனால் அதிகார வாடை அடிக்கிறது. 'மறுகொள்முதல் அளவு' என்றால் எவ்வளவு வாங்குவது என்ற குழப்பம் வரும். ஆகவே 'மறுகொள்முதல் நிலை' என்பதே என் தேர்வு.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு மளிகைக் கடையில் ஒரு லிட்டர் எண்ணெய் பாக்கெட் 30 நாளில் 150 விற்றது. சராசரி நாளைக்கு 5 என்று போட்டுவிடத் தோன்றும். ஆனால் அதில் 5 நாள் எண்ணெயே இல்லாமல் இருந்தது என்றால், விற்பனை நடந்தது 25 நாள்தான். உண்மையான சராசரி 6. இல்லாத நாட்களையும் சேர்த்து வகுத்தால் எண் குறைந்துபோகும், சரக்கு மறுபடியும் தீரும்.

ஆர்டர் போட்டபின் சரக்கு வர 3 நாள். அந்த 3 நாளில் 18 பாக்கெட் போகும். வண்டி இரண்டு நாள் தாமதமானால் தாங்க இன்னொரு 12. ஆக மறுகொள்முதல் நிலை 30.

```
(6 × 3) + (6 × 2) = 30
```

தினமும் இருப்பைப் பார்த்து, போனிலேயே ஆர்டர் சொல்ல முடிகிற கடைக்கு இது போதும். ஆனால் பல கடைகளில் சேல்ஸ்மேன் வாரம் ஒருமுறைதான் வருவார். அவர் செவ்வாய்க்கிழமை வரும்போது இருப்பு 32. முப்பதுக்கு மேல் இருக்கிறதே என்று விட்டுவிடுகிறோம். அடுத்த செவ்வாய்க்குள் 42 போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமையே தட்டு காலி. இங்கே காத்திருப்பு 3 நாள் அல்ல, 7 நாளும் சேர்ந்து 10 நாள். அப்போது 60, தாமதத்துக்கு 12, மொத்தம் 72. சரக்கு வரும் காலம் என்பதை வண்டி ஓடும் நாளாக மட்டும் எண்ணுவதால்தான் பெரும்பாலும் கணக்கு பிசகுகிறது.

அப்புறம், ஏற்கெனவே ஆர்டர் போட்டு வழியில் இருக்கும் சரக்கையும் இருப்போடு கூட்டித்தான் இந்த எண்ணோடு ஒப்பிட வேண்டும். இல்லையென்றால் வண்டி வருவதற்குள் பதற்றத்தில் இரண்டாவது ஆர்டரும் போய்விடும். தீபாவளி, பொங்கல் வாரங்களுக்கு இந்தச் சராசரி உதவாது. போன ஆண்டு அதே வாரத்து பில்களை எடுத்துப் பார்த்துத் தனியாகத்தான் போட வேண்டும்.