லே-ல ஒரு ரூமை சூடாக்க எத்தனை வாட் வேணும்?

லடாக்ல லே டவுன் கடல் மட்டத்துல இருந்து சுமார் 3500 மீட்டர் உயரத்துல இருக்கு. ஜனவரி விடிகாலையில அங்க -15 எல்லாம் சாதாரணம். அந்த ஊர்ல கான்கிரீட் பில்டிங்ல தங்கினவங்க ஒண்ணு கவனிச்சிருப்பாங்க, சுவர் நடுவுல கை வச்சா ஓரளவு பரவால்ல, ஆனா சீலிங்கும் வெளிச்சுவரும் சேர்ற மூலை மட்டும் ஐஸ் மாதிரி இருக்கும், ஈரம் கோத்துக்கிட்டு கருப்பு கருப்பா பூஞ்சையும் பிடிச்சிருக்கும். உடனே "ஒழுகுது"னு வாட்டர்ப்ரூஃபிங் ஆளை கூப்பிடுவாங்க. பெரும்பாலும் ஒழுகல் இல்லைங்க அது, ஹீட்டிங் கணக்கு போட்டவர் விட்டுட்ட ஒரு வரி.

அந்த விட்டுப்போன வரி எவ்வளவு பெருசுன்னு ஒரே ஒரு ரூமை வச்சு பாத்துடலாம். 5 மீட்டருக்கு 4 மீட்டர், உயரம் 2.7, மேல மொட்டை மாடி. தெற்கு, மேற்கு ரெண்டும் வெளிச்சுவர். தெற்குல 3 சதுர மீட்டர்ல டபுள் கிளாஸ் ஜன்னல். கீழயும் பக்கத்துலயும் இருக்கறது எல்லாம் சூடான ரூம்தான், அதனால அந்தப் பக்கம் சூடு போகாதுன்னு வச்சுக்கலாம். உள்ள 20 டிகிரி வேணும், வெளிய -15, வித்தியாசம் 35. வெயில கணக்குல சேக்கவே கூடாது. லே-ல பகல்ல வெயில் பிரமாதமா அடிக்கும்தான், ஆனா ஹீட்டர் திணறப்போறது விடிகாலை அஞ்சு மணிக்கு, அப்ப சூரியன் உதவிக்கு வராது.

முழு கணக்கும் இவ்வளவுதான்:

```
Q = (ΣU·A + Σψ·L + c·n·V) × ΔT
```

Q-தான் நமக்கு வேண்டிய வாட், ΔT அந்த 35 டிகிரி, நடுவுல இருக்கற ψ·L ஓரங்கள் வழியா போற சூடு, கடைசியில c·n·V இடுக்கு வழியா வர்ற காத்தோட கணக்கு, ரெண்டுக்கும் பின்னாடி வருவோம். முதல் பகுதி எல்லாருக்கும் தெரிஞ்சது, சுவர், கூரை, ஜன்னல் வழியா நேரா கடந்து போற சூடு, யூ-வேல்யூவை பரப்பால பெருக்கறது. 200 மில்லி கான்கிரீட் பிளாக் சுவரு, பூச்சு, ரெண்டு பக்கமும் ஒட்டியிருக்கற காத்துப்படலம், இது எல்லாம் சேர்ந்து சூட்டுக்கு காட்டற தடை சுமார் 0.4. உள்பக்கம் 50 மில்லி தெர்மோகோல் போட்டா இன்னொரு 1.39 கூடும், மொத்தம் 1.79, தலைகீழா போட்டா யூ-வேல்யூ 0.56. அதாவது 1 டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டர்ல 0.56 வாட் போகும். ஜன்னல் போக மிச்சம் சுவர் 21.3 சதுர மீட்டர், ஆக டிகிரிக்கு 11.9 வாட். ஜன்னல் (யூ 2.8) 8.4 வாட், 100 மில்லி இன்சுலேஷன் போட்ட கூரை (யூ 0.33) 6.6 வாட். மொத்தம் 26.9, அதை 35-ஆல பெருக்கினா சுமார் 940 வாட். நிறைய பேர் இங்கயே பேனாவை மூடிட்டு "சேஃப்டிக்கு 20 பர்சென்ட்"னு ஒண்ணு சேத்து முடிச்சிடுவாங்க, கோபம் வர்ற இடம் இதுதான், ஏன்னா மிச்சம் இருக்கறது 20 பர்சென்ட் இல்ல.

இப்ப அந்த மூலைக்கு வருவோம். தெர்மோகோல் சுவரோட உள்பக்கம் ஒட்டியிருக்கு, கூரையோட இன்சுலேஷன் ஸ்லாப் மேல இருக்கு. ஸ்லாப் மட்டும் ரெண்டுக்கும் நடுவுல புகுந்து நேரா வெளிய போய் குளிர்ல மூக்கை நீட்டிக்கிட்டு நிக்குது. கான்கிரீட் தெர்மோகோலை விட நாப்பது மடங்குக்கு மேல சூட்டை கடத்தும், அதனால அந்த ஓரம் முழுக்க சூடு ஓடறதுக்கு ஒரு ரோடு போட்டு குடுத்த மாதிரி ஆயிடுது. இதுதான் தெர்மல் பிரிட்ஜ். இதை சதுர மீட்டர்ல அளக்க மாட்டாங்க, நீளத்துல அளப்பாங்க, ஒரு மீட்டருக்கு டிகிரிக்கு எத்தனை வாட்னு, அதுக்கு பேரு சை-வேல்யூ, மேல ஃபார்முலாவுல இருக்கற ψ இதுதான். நான் எடுத்துக்கிட்டது: கூரை ஓரம் 0.7, தரை ஸ்லாப் ஓரத்துல இந்த ரூமோட பங்கு 0.35, ஜன்னல் சுத்தி 0.1. வெளிச்சுவர் நீளம் 9 மீட்டர், ஜன்னல் சுத்தளவு 7 மீட்டர். 6.3, 3.15, 0.7 கூட்டினா டிகிரிக்கு 10.15 வாட், 35-ஆல பெருக்கினா 355 வாட். 21 சதுர மீட்டர் சுவர் மொத்தமா விடற சூட்டுல எண்பத்தஞ்சு பர்சென்ட், வெறும் ஓரத்துல!

ஒண்ணு மட்டும் உஷாரா பாக்கணும், டேபிள்ல இருந்து சை எடுக்கறப்ப அது சுவரோட உள்ளளவுக்கா வெளியளவுக்கான்னு பாத்துக்கணும். ரெண்டுக்கும் நம்பர் வேற, கலந்துட்டா மூலையில ரெண்டு தடவை எண்ணுவீங்க, இல்ல எண்ணாமலே விடுவீங்க.

அப்ப ஈரம் எங்க இருந்து வருது? இந்த மாதிரி ஜாயிண்ட்ல உள்பக்க மூலை, 35 டிகிரி வித்தியாசத்துல பாதிக்கு கொஞ்சம் மேல மட்டும் சூடா இருக்கும், 0.55 பங்குன்னு வச்சுக்கிட்டா -15-ல இருந்து 19 டிகிரி ஏறி வெறும் 4 டிகிரி. 20 டிகிரி ரூம்ல ஈரப்பதம் 40 பர்சென்ட்னா 6 டிகிரிக்கு கீழ இருக்கற எதுலயும் தண்ணி கோக்கும். ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த பாட்டில் வேர்க்கற மாதிரியேதான்.

அடுத்தது காத்து. ஜன்னல் இடுக்கு, கதவடி, ஸ்விட்ச் பாக்ஸ் ஓட்டைன்னு எல்லா வழியாவும் குளிர் காத்து உள்ள வருது, சூடான காத்து மேல் இடுக்குகள்ல வெளிய போகுது. சுமாரான மர ஃப்ரேம் வச்ச ரூம்ல, மணிக்கு ஒரு தடவை முழு காத்தும் மாறுதுன்னு எடுத்துக்கலாம். ரூம் கொள்ளளவு 54 கன மீட்டர். இங்கதான் கைடுபுக் நம்பரை அப்படியே எடுக்கறவங்க மாட்டிக்குவாங்க. ஒரு கன மீட்டர் காத்தை 1 டிகிரி சூடாக்க 0.33 வாட்-ஹவர்னு இருக்கும், அது கடல் மட்டத்துக் கணக்கு, சென்னைக்கு சரி. லே-ல காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கறதுல மூணுல ரெண்டு பங்குதான், அதனால அதே ஒரு கன மீட்டர்ல காத்தே கம்மி, 0.23 போதும். 54-ஐ 0.23-ஆலயும் 35-ஆலயும் பெருக்கினா 435 வாட். 0.33 போட்டிருந்தா 620-ஐ தாண்டியிருக்கும்.

காத்து மெலிசா இருந்தா இடுக்குல கம்மியாத்தானே வரும்னு தோணலாம், இல்ல. காத்தை தள்ளற அழுத்தமும் அடர்த்தியோட சேர்ந்து குறையுது, தள்ளப்பட வேண்டிய எடையும் குறையுது, ரெண்டும் அடிச்சுக்கிட்டு போயிடும். கன மீட்டர் அதே, எடை மட்டும் கம்மி.

எங்க கசியுதுன்னு பாக்க பெரிய மெஷின் வேணாம். விடிகாலையில ஒரு ஊதுபத்தியை ஏத்தி ஜன்னல் ஃப்ரேமை சுத்தி மெதுவா நகத்துங்க, கீழ் இடுக்குல புகை உள்பக்கம் சாயும், மேல் இடுக்குல வெளிய இழுக்கும். துல்லியமா நம்பர் வேணும்னா கதவுல ஃபேனை மாட்டி 50 பாஸ்கல் அழுத்தத்துல டெஸ்ட் பண்ணுவாங்க, வர்ற நம்பரை 20-ஆல வகுத்தா தோராயமா சாதாரண நாள் கசிவு. ஆனா காத்தடிக்கிற மேட்டுல நிக்கற வீட்டுக்கு அந்த 20 அதிகம், அதை விட சின்ன நம்பரால வகுக்கணும், ஏன்னா அங்க கசிவு கூடும்.

ஆக 940, 355, 435 கூட்டினா 1730 வாட். கிட்டத்தட்ட பாதி, சுவர் கூரை ஜன்னல் கணக்குல வராத சூடு. இப்ப பட்ஜெட் கொஞ்சம் இருக்கு, என்ன பண்ணலாம்? சுவர் தெர்மோகோலை 50-ல இருந்து 100 மில்லி ஆக்கினா யூ 0.31 ஆகும், மிச்சம் 185 வாட் கூட இல்ல, அந்த மூலை அப்பவும் ஈரமாவே இருக்கும். அதே 50 மில்லியை சுவரோட வெளிப்பக்கம் மாத்தி ஸ்லாப் ஓரத்தையும் மூடிட்டா கூரை ஓரம் 0.2-க்கு வரும், தரை ஸ்லாப் கிட்டத்தட்ட சைபர், 355 வாட் 90-க்கு இறங்கிடும். கூடவே ஜன்னலுக்கு கேஸ்கெட் போட்டு காத்து மாத்தத்தை பாதியாக்கினா இன்னொரு 215. ரெண்டும் சேத்து 480 வாட், தெர்மோகோல் ஒரு மில்லி கூட தடிமன் ஏறல.

ஆனா உள்ள புகாரி அடுப்பு எரியுதுன்னா கேஸ்கெட் ஒட்டறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. விறகோ மண்ணெண்ணெயோ எரிய அடுப்பு ரூம் காத்தைத்தான் இழுக்குது, இத்தனை நாள் அந்த இடுக்குகள்தான் அதுக்கு காத்து குடுத்துக்கிட்டு இருந்துச்சு. இடுக்கை அடைச்சா புகைபோக்கி சரியா இழுக்காது, கார்பன் மோனாக்சைடு ரூம்லயே தங்கும். அதனால முதல்ல அடுப்புக்கு வெளிய இருந்து தனியா ஒரு காத்துக் குழாய், அப்புறம்தான் கேஸ்கெட்.